பெயரின் எழுத்தும் வீட்டு முகவரியும் ஒத்துவராதபோது வங்கிக் கணக்குத் திறப்பது எப்படி: யாழ்ப்பாணத்தவருக்கான வழிகாட்டி

கொக்குவிலில் குடியிருக்கும் ஒரு பெண், ரொறன்ரோவில் வேலை செய்யும் கணவர் அனுப்பும் பணத்தைப் பெறுவதற்குச் சேமிப்புக் கணக்கொன்று திறக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நாகராசா சிவதர்சினி என்று பெயர் வைப்போம். பெயர் கற்பனையானது. ஆனால் அவருடைய கோவையில் இருக்கும் ஒவ்வொரு சிக்கலையும், கணக்குத் திறக்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற வகையில், வெவ்வேறு ஆட்களின் கோவைகளில் நான் பார்த்திருக்கிறேன். கோவைக்குள் இருக்கும் ஆவணங்களில் அவருடைய பெயர் பின்வருமாறு எழுதப்பட்டிருக்கிறது.

```
பிறப்புச் சான்றிதழ்     சிவதர்சினி
அதன் மொழிபெயர்ப்பு      SIVATHARSHINY
கடவுச்சீட்டு            SIVATHARSINI
தேசிய அடையாள அட்டை     சிவதர்ஷினி / SIVATHARSHINI
```

முகவரியிலும் இதே கதைதான். அடையாள அட்டையில் மயிலிட்டி முகவரி இருக்கிறது. 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் அது. இப்போது அவர் இருப்பது கனடாவில் உள்ள பெரியப்பாவின் கொக்குவில் வீட்டில். மின்சாரப் பட்டியல் பெரியப்பாவின் பெயரில் வருகிறது. வளவில் கிணறு இருப்பதால் தண்ணீர்ப் பட்டியல் கிடையாது. நிலையான தொலைபேசி இணைப்பும் இல்லை. இந்தக் கோவையோடு நேரே வங்கிக்குப் போனால் அவர் இரண்டு மூன்று தடவை திரும்பி வர வேண்டியிருக்கும். சரியான ஒழுங்கில் சென்றால் ஒரே தடவையில் கணக்கைத் திறந்துவிடலாம்.

வங்கி எதைப் பார்க்கிறது

வங்கி உத்தியோகத்தர் கேட்பவை அவருடைய சொந்த விருப்பத்தில் வருபவை அல்ல. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், வாடிக்கையாளரை அறிந்துகொள்வது தொடர்பான விதிகள் 2016 சனவரியில் வர்த்தமானியில் வெளியாகின. மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு அவற்றைக் கண்காணிக்கிறது. எந்த வங்கிக்குப் போனாலும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடையாளத்தை உறுதிசெய்யத் தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றில் ஒன்று போதும். அது செல்லுபடியானதாக இருக்க வேண்டும். மூலப்பிரதியையே உத்தியோகத்தர் பார்க்க வேண்டும். போட்டோகொப்பியை மட்டும் கொண்டுவருபவரைத் திருப்பி அனுப்புவது கடுமைக்காக அல்ல. மூலத்தைப் பார்த்ததாக அவர் கையொப்பம் வைக்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றில் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வளர்ந்தவரின் கணக்கிற்கு அது அடையாள ஆவணம் ஆகாது. பெயர்ச் சிக்கல் வரும்போது வேரைக் காட்டுவதற்கு மட்டுமே உதவும்.

கணக்கின் முழுப் பெயர் அந்த அடையாள ஆவணத்தில் உள்ளபடியே பதியப்படும். வாடிக்கையாளர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்பதோ, ஊரில் எப்படி எழுதுகிறார்கள் என்பதோ அங்கே செல்லாது. ஆகவே எந்த ஆவணத்தை மேசையில் வைக்கிறோமோ அதன் எழுத்தே கணக்கின் எழுத்தாகிவிடும். இந்த ஒரு தெரிவிலேயே பாதிச் சிக்கல் தீரும், அல்லது தொடங்கும்.

முகவரியைப் பொறுத்தவரை, அடையாள ஆவணத்தில் உள்ள நிரந்தர முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றானால் வேறெதுவும் பெரிதாகத் தேவைப்படாது. வேறானால், குடியிருக்கும் முகவரிக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத பயன்பாட்டுப் பட்டியல் ஒன்றோ, நம்பத்தகுந்த வேறு வதிவிட ஆதாரமோ வேண்டும். பயன்பாட்டுப் பட்டியல் என்று விதி சொல்வது மின்சாரம், தண்ணீர், நிலையான தொலைபேசி ஆகிய மூன்றையே. கைத்தொலைபேசிப் பட்டியலைக் கொண்டுவந்து வாதாடுபவர்கள் பலர்; அது இந்த மூன்றில் ஒன்றல்ல. தபால் பெட்டி இலக்கமும் தனிநபருக்குச் செல்லாது. இன்னொருவரின் மேற்பார்த்து முகவரியைக் கொடுத்தால், வீட்டு உரிமையாளரின் சம்மதமும் முகவரியை உறுதிப்படுத்தும் ஆவணங்களும் பெறப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தக் கடைசி வரிதான் மிக அதிகமானோரைப் பிடிக்கிறது. வீடு ஒருவருடையதாகவும் குடியிருப்பவர் வேறொருவராகவும் இருப்பது இங்கே சாதாரணமாகிவிட்டது.

எழுத்து எங்கே பிசகுகிறது

திருத்தத் தொடங்குமுன் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் சரியாக இருந்த ஆவணத்தைத் திருத்தி, பிழையான ஆவணத்தோடு ஒத்துவரச் செய்தவர்களும் உண்டு.

பழைய அடையாள அட்டைகளில் ஆங்கிலத்தில் பெயர் இருக்கவில்லை. எனவே 2018இல் சிவதர்சினி கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது, ஆங்கில எழுத்தை அவரே தெரிந்து SIVATHARSINI என்று எழுதினார். மும்மொழியிலும் விபரம் தாங்கிய புதிய அட்டைகள் 2017 ஒக்டோபரில் வரத் தொடங்கின. 2020இல் பழைய அட்டை பழுதாகிப் புதியதற்கு விண்ணப்பித்தபோது படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் வேறொருவர். பெயரின் ஓசைக்கு ஏற்ப அவர் தமிழில் ஷ போட்டார். ஆங்கிலத்தில் H ஒன்றைக் கூட்டினார். அதற்குப் பின் நகரத்தில் ஓரிடத்தில் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பித்தபோது, மொழிபெயர்ப்பாளருக்குக் கடவுச்சீட்டையும் அட்டையையும் யாரும் காட்டவில்லை. அவர் தனக்குப் பழக்கமான முறையில் Y எழுத்தில் முடித்தார். ஒருவரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொருவரும் ஒரே ஓசையைத் தத்தம் கைப்பழக்கத்தில் எழுதினார்கள். தமிழின் ஒரு த ஆங்கிலத்தில் T, TH, DH என்று மூன்று வடிவம் எடுக்கும். ராசாவுக்கு RASA, RAJA, RAJAH மூன்றும் எழுதுவார்கள். இதுதான் இந்தப் பிரச்சினையின் மூலம்.

ஆகவே வேறுபாடுகளை முதலில் மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருந்து, ஆங்கில எழுத்து மட்டும் மாறினால் அது எழுத்துப்பெயர்ப்பு வேறுபாடு, இலேசானது. தமிழ் எழுத்தே மாறினால், அதாவது சிவதர்சினி ஓர் ஆவணத்திலும் சிவதர்ஷினி இன்னோர் ஆவணத்திலும் இருந்தால், அது பதிவுப் பிழை. எங்கோ ஒரு திணைக்களத்தில் திருத்தம் தேவை. தந்தையின் பெயர் மாறியிருந்தாலோ, விடுபட்டிருந்தாலோ, பிறந்த திகதி வேறாக இருந்தாலோ, அது மூன்றாவது வகை. அதற்கு எந்தக் கடிதமும் சத்தியக் கடதாசியும் மருந்தாகாது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அதைப் பிழை என்று சொல்லவும் முடியாது. கலியாணம் ஆனவுடன் பல பெண்கள் பழக்கத்தில் கணவரின் பெயரை முன்னால் போட்டுப் படிவம் நிரப்புகிறார்கள். அடையாள அட்டையில் நாகராசா சிவதர்சினி என்றிருக்க, விண்ணப்பப் படிவத்தில் பாலச்சந்திரன் சிவதர்சினி என்று எழுதிவிட்டு, பிறகு விவாகச் சான்றிதழைத் தேடி அலைவார்கள். திருமணத்தால் பெயர் மாறியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அட்டையில் தந்தையின் பெயர் இருந்தால் அதே பெயரில் கணக்கைத் திறப்பதே நல்லது. விவாகச் சான்றிதழ் தேவைப்படாது, கணவரின் பெயரின் ஆங்கில எழுத்து என்ற இன்னொரு தொல்லையும் சேராது.

நங்கூர ஆவணத்தைத் தெரிதல்

எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரு தாளில் எழுத வேண்டும். வாசித்து எழுதக்கூடாது; எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுத வேண்டும். கண் நமக்குத் தெரிந்த பெயரையே வாசித்துவிடும். ஒரு H குறைவதை அது காட்டாது.

தமிழ் எழுத்துக்குப் பிறப்புச் சான்றிதழே நங்கூரம். அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் அதிலிருந்து பிறந்தவை. ஆங்கில எழுத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் உதவாது, ஏனெனில் இங்கே பெரும்பாலும் அது தமிழிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எந்த எழுத்து நாட்டுக்கு வெளியே அதிகமாகப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிவதர்சினிக்கு அது கடவுச்சீட்டின் எழுத்து. கணவர் கொடுத்த குடிவரவு விண்ணப்பம், விசாப் பத்திரங்கள், பணம் அனுப்பும்போது அவர் தட்டச்சிடும் பெயர் ஆகிய எல்லாம் SIVATHARSINI என்றே இருக்கின்றன. தமிழ்ப் பிறப்புச் சான்றிதழில் உள்ள ச எழுத்தோடும் அதுவே பொருந்துகிறது. எனவே கடவுச்சீட்டைத் தொடக்கூடாது. அடையாள அட்டையும் மொழிபெயர்ப்பும் அதன் வழிக்கு வர வேண்டும்.

வெளிநாட்டுத் தொடர்பே இல்லாத ஒருவருக்கு இந்தத் தெரிவு வேறு விதமாக வரும். கடவுச்சீட்டு இல்லை, அட்டையில் தமிழ் எழுத்து பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கிறது, ஆங்கில எழுத்து மட்டும் பிடிக்கவில்லை என்றால், அட்டையின் எழுத்தையே ஏற்றுக்கொண்டு மற்றவற்றை அதற்கு இசைவாக்குவது புத்தி. அழகான எழுத்துக்காக அட்டை மாற்றுவது காலத்தையும் காசையும் வீணாக்கும்.

எந்தப் பிழையை எங்கே திருத்துவது

மொழிபெயர்ப்பே எல்லாவற்றிலும் இலகு. அது பதிவேடு அல்ல, ஒரு தாள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தைக் காட்டி, பெயரை அதில் உள்ளபடி எழுதும்படி முதலிலேயே சொல்லிப் புதிதாகச் செய்விக்கலாம். தந்தையின் பெயருக்கும் தாயின் பெயருக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். பழைய மொழிபெயர்ப்பைக் கோவையிலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்காத ஆவணத்தை மேசையில் வைப்பது கேள்வியை வருவித்துக்கொள்வது. பாடசாலைச் சான்றிதழும் க.பொ.த. சான்றிதழும் அப்படித்தான்; வங்கி கேட்காவிட்டால் அவை வீட்டில் இருக்கட்டும்.

அடையாள அட்டையின் பிழைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்திடம் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வழி கிராம அலுவலரிடம் தொடங்குகிறது. அவர் படிவத்தை அத்தாட்சிப்படுத்துவார்; பிறகு அது பிரதேச செயலகத்தினூடாகத் திணைக்களத்துக்குச் செல்லும். பிறப்புச் சான்றிதழும் இப்போதுள்ள அட்டையும் கூடவே வேண்டும். கணவரின் பெயரைச் சேர்ப்பதானால் விவாகச் சான்றிதழும் வேண்டும். புகைப்படத்தை அங்கீகாரம் பெற்ற நிலையத்திலேயே எடுக்க வேண்டும். அவசரமானவர்களுக்குப் பத்தரமுல்லையில் ஒருநாள் சேவை உண்டு. எப்படிச் சென்றாலும் ஒரு விடயத்தை மறக்கக்கூடாது: படிவத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர் எழுதும் இடத்தை விண்ணப்பதாரியே, கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் கையால் நிரப்ப வேண்டும். சிவதர்சினியின் இந்தச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரியை இன்னொருவர் நிரப்பியதால் வந்தது.

பழைய அட்டையை விண்ணப்பத்தோடு ஒப்படைக்க வேண்டிவருவதால், திருத்தம் முடியும்வரை கையில் அட்டை இராது. கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இல்லாதவர் இந்த இடைவெளிக்குள் கணக்குத் திறக்க முடியாமல் அகப்பட்டுக்கொள்வார். அவருக்கு, அட்டையில் உள்ள எழுத்திலேயே முதலில் கணக்கைத் திறந்துவிட்டு, புதிய அட்டை வந்தபின் வங்கியில் பெயரைத் திருத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால் வேலை பெரிது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பெயரை மாற்றவும் பிழையைத் திருத்தவும் இடமளிக்கிறது. விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கப்படும். பெற்றோரின் விவாகச் சான்றிதழ், பாடசாலை அனுமதிப் பதிவு போன்ற பழைய ஆதாரங்கள் எவ்வளவு பழையனவோ அவ்வளவு பலம். கணக்குத் திறப்பதற்காகவென்று இதில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அட்டையும் கடவுச்சீட்டும் ஒன்றோடொன்று ஒத்திருந்தால் வங்கிக்கு அதுவே போதும். பிறப்புச் சான்றிதழின் திருத்தத்தை ஆறுதலாகச் செய்யலாம்.

சத்தியக் கடதாசி எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஊரில் எந்தச் சிக்கலுக்கும் முதலில் சொல்லப்படும் தீர்வு, சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி எடு என்பதுதான். அது பயனுள்ள தாள்தான். ஆனால் அதன் வேலை என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். அது எந்தப் பதிவேட்டிலும் ஓர் எழுத்தையும் மாற்றாது. இந்த எழுத்துகள் எல்லாம் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று அந்த ஆளே சத்தியம் செய்து சொல்வது மட்டுமே அதில் உண்டு. வங்கி அதைக் கோவையில் வைத்துக்கொண்டு வேறுபாட்டை விளங்கிக்கொள்ளும். ஆனால் அடையாள ஆவணத்தில் இல்லாத எழுத்தில் கணக்கைத் திறக்காது. அதை ஏற்பதும் விடுவதும் கிளையின் தீர்மானம் என்பதால், எழுதுவிக்கும் முன் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் காசு மிஞ்சும்.

நான் பார்த்த சத்தியக் கடதாசிகளில் பாதிக்குமேல் பயனற்றவையாக இருந்ததற்குக் காரணம் அவற்றின் பொதுவான வாசகம். எனது பெயர் பல ஆவணங்களில் பலவிதமாக எழுதப்பட்டுள்ளது என்று மட்டும் எழுதினால், எந்த ஆவணத்தில் எந்த எழுத்து என்று உத்தியோகத்தருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆவணமும் இலக்கத்தோடும் திகதியோடும் சொல்லப்பட வேண்டும். சிவதர்சினிக்கு நான் எழுதியிருக்கக்கூடிய பந்தி இப்படியிருக்கும்:

“இன்ன இலக்கமும் இன்ன திகதியும் கொண்ட எனது கடவுச்சீட்டில் எனது பெயர் NAGARASA SIVATHARSINI எனவும், இன்ன இலக்கத் தேசிய அடையாள அட்டையில் NAGARASA SIVATHARSHINI எனவும் எழுதப்பட்டுள்ளது என்றும், இவ்விரு பெயர்களும் இன்ன திகதியில் பிறந்த என்னையே குறிக்கின்றன என்றும், இனிமேல் கடவுச்சீட்டிலுள்ள எழுத்தையே நான் பயன்படுத்துவேன் என்றும் உண்மையாகவும் நேர்மையாகவும் சத்தியஞ் செய்து கூறுகின்றேன்.”

கூற்று தமிழில் இருந்தாலும் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும், ஏனெனில் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பெயரை மாற்றுகிறேன் என்ற சொல் வரக்கூடாது. அது வேறு விடயம், வேறு கேள்விகளைக் கிளப்பும். கையொப்பத்தை நீதவானின் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளரின் முன்னிலையில்தான் வைக்க வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு போவது பழக்கமாகிவிட்டது, ஆனால் தவறு.

பிறந்த திகதி வேறுபாட்டுக்கு இது செல்லாது என்று முன்பே சொன்னேன். காரணம் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. 1991 மார்ச் 12 பிறந்த பெண்ணின் பழைய இலக்கம் 91572 என்று தொடங்கும்: 91 ஆண்டு, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணும்போது மார்ச் 12 ஆண்டின் 72ஆவது நாள், பெண் என்பதால் 500 கூடி 572 ஆகிறது. உத்தியோகத்தர் பேசிக்கொண்டே மனதில் இதைச் சரிபார்ப்பார். பிறப்புச் சான்றிதழ் வேறு திகதியைச் சொன்னால் பிரச்சினை எழுத்தில் அல்ல, இலக்கத்தில்.

இதோடு சேர்ந்த ஒரு வீண் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவதர்சினியின் கடவுச்சீட்டில் பழைய ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும், புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கமும் இருக்கும். இது வேறுபாடு அல்ல. முன்னால் 19 சேர்ந்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்தின் பின் பூச்சியம் ஒன்று நுழைந்து, கடைசி எழுத்து நீங்கும். மற்றவை அப்படியே இருக்கும். இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால் போதும்.

பெரியப்பாவின் வீடு

இனி முகவரி. சிவதர்சினி கொக்குவிலுக்கு வந்ததும் செய்திருக்க வேண்டிய முதல் வேலை, அந்தப் பிரிவின் கிராம அலுவலரிடம் தன்னைப் பதிவது. பதியாத ஆளுக்கு வதிவிடச் சான்றிதழ் கொடுக்க அவர் தயங்குவார், தயங்குவதும் நியாயம். வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் மயிலிட்டியில் இருந்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. மயிலிட்டி தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவு, கொக்குவில் நல்லூர்ப் பிரிவு. சான்றிதழ் இப்போது குடியிருக்கும் இடத்துக்கு வேண்டும் என்பதால் அது நல்லூர்ப் பக்கத்திலிருந்தே வர வேண்டும். நிரந்தர முகவரி மயிலிட்டி என்பதற்காகத் தெல்லிப்பழையில் போய் நிற்பவர்கள் ஒரு நாளை இழப்பார்கள். கிராம அலுவலரின் கையொப்பத்தோடு பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருந்தால் கிளை மறுபேச்சின்றி எடுக்கும்.

சான்றிதழில் பெயரின் எழுத்தைப் பார்க்க வேண்டும். கிராம அலுவலர் அதைக் கையால் எழுதுவதால், இங்கே இன்னோர் எழுத்துவடிவம் பிறந்துவிடும் ஆபத்து உண்டு. எழுதுமுன் அடையாள ஆவணத்தைக் கொடுத்து, அதில் உள்ளபடி எழுதும்படி பணிவாகச் சொல்லலாம். அவருக்கும் அது உதவிதான்.

அடுத்தது மின்சாரப் பட்டியல். அது பெரியப்பாவின் பெயரில் இருப்பதால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. வீட்டின் முழு முகவரி, பட்டியலில் உள்ள கணக்கு இலக்கம், சிவதர்சினி தன் பெறாமகள் என்ற உறவு, எப்போதிலிருந்து அங்கே குடியிருக்கிறார், அந்த முகவரியை வங்கிக் கணக்குக்குப் பயன்படுத்தத் தனக்குச் சம்மதம் என்பன இருந்தால் சரி. அதில் அவர் வைக்கும் கையொப்பம் அவருடைய கடவுச்சீட்டில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டின் விபரப் பக்கப் பிரதியையும் இணைக்க வேண்டும். ஒப்பமிட்ட மூலக்கடிதம் தபாலில் வருவதே நல்லது. தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தை ஏற்பதா என்பதைக் கிளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியல் காலமான தாத்தாவின் பெயரிலேயே வரும் வீடுகளும் ஏராளம். இறந்தவரிடம் சம்மதம் பெற முடியாது. அப்படியானால் பட்டியலை நம்பாமல், மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழை முதன்மை ஆதாரமாக வைத்து, பட்டியலைத் துணைக்கு மட்டும் காட்டலாம். மின்சார இணைப்பை உயிரோடிருக்கும் ஒருவரின் பெயருக்கு மாற்றுவது நல்ல வேலை. ஆனால் அதற்கு உறுதி, இறப்புச் சான்றிதழ் என்று வேறொரு பயணம் இருக்கிறது. கணக்கை அதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

பட்டியலின் மூன்று மாதம் கணக்குத் திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். கடிதம் தபாலில் வரக் காலம் எடுத்தால், அதற்குள் பழைய பட்டியல் காலாவதியாகிவிடும். ஆகையால் போகும் நாளில் கடைசியாக வந்த பட்டியலையே எடுத்துச் செல்ல வேண்டும்.

வங்கிக்குப் போகும் நாள்

சிவதர்சினி கடவுச்சீட்டை அடையாள ஆவணமாக வைக்கிறார், ஏனெனில் பணம் வரும் பெயர் அதுதான். கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தில் முகவரி கிடையாது. இது அந்தத் தெரிவின் விலை. அதனால் மயிலிட்டி நிரந்தர முகவரிக்காக அடையாள அட்டையையும் அவர் காட்ட வேண்டியிருக்கும். அங்கே எழுத்து வேறுபாடு உத்தியோகத்தரின் கண்ணில் படும். மறைக்காமல் அவரே முதலில் சொல்லிவிட வேண்டும்: “அட்டையில் ஒரு H கூடியிருக்கிறது, ஐயா. திருத்தக் கொடுக்கப் போகிறேன். அதுவரைக்குமான சத்தியக் கடதாசி இது.” இப்படிச் சொல்பவரின் கோவை வேகமாக நகரும். உத்தியோகத்தர் தானாகக் கண்டுபிடித்தால் அதே கோவை முகாமையாளரின் மேசைக்குப் போய்த் தங்கும்.

தொழில், கணக்கின் நோக்கம், மாதம் எவ்வளவு வரும், எப்படி வரும் என்பனவற்றையும் படிவம் கேட்கும். கனடாவிலிருந்து கணவர் அனுப்பும் பணம் என்று உள்ளதை எழுதுங்கள். பயத்தில் மிகக் குறைந்த தொகையை எழுதிவிட்டுப் பிறகு பெருந்தொகை வந்தால், விளக்கம் கேட்டு அழைப்பு வரும்.

கையொப்பம் வைக்குமுன் கணினியில் பதிந்த பெயரை ஒரு தடவை காட்டச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தந்தையின் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்திலும், சொந்தப் பெயர் மற்றப் பெயர்களுக்கான இடத்திலும் ஏறும். கடவுச்சீட்டிலும் அதே ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இடம் மாறினால் முதலெழுத்தும் மாறி, N. SIVATHARSINI என்பவர் S. NAGARASA ஆகிவிடுவார். புத்தகம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பி, அதில் உள்ள எழுத்தையே பெறுநர் பெயராகத் தட்டச்சிடச் சொல்ல வேண்டும். வீட்டில் கூப்பிடும் தர்சி என்ற பெயரைப் போட்டு அனுப்பி, பணம் கணக்கில் ஏறாமல் நின்ற கதைகள் எனக்குத் தெரியும். முதல் தடவை சிறு தொகையொன்று அனுப்பிப் பார்ப்பது அதனால்தான் நல்லது.

அதற்குப் பிறகே அடையாள அட்டைத் திருத்தம். சிவதர்சினிக்குக் கையில் கடவுச்சீட்டு இருப்பதால் அட்டையை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகக் காத்திருக்கலாம். விண்ணப்பத்தில் நிரந்தர முகவரியை மயிலிட்டி என்றே விடுவதா, கொக்குவிலுக்கு மாற்றுவதா என்பதை அதே நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். வீடு பெரியப்பாவுடையது, மயிலிட்டியில் காணி தங்களுடையது என்றால் நான் மயிலிட்டியையே விடச் சொல்வேன். புதிய அட்டை வந்ததும் தமிழில் ச, ஆங்கிலத்தில் H இல்லாத எழுத்து இரண்டையும் வாங்கும் இடத்திலேயே பார்த்துவிட்டு, அதை வங்கிக்குக் கொண்டுபோய்ப் பழைய அட்டைப் பிரதிக்குப் பதிலாகக் கோவையில் சேர்ப்பிக்க வேண்டும். சத்தியக் கடதாசியின் பிரதியொன்றை வீட்டில் வைத்திருக்கட்டும். பழைய எழுத்தில் ஊழியர் சேமலாப நிதியோ வேறொரு வங்கிக் கணக்கோ எங்காவது கிடந்தால் அங்கே அது மறுபடி தேவைப்படும்.